கடிகாரம் இறங்கி வரும், சவரக்கத்தி ஏறிப் போகும்

எங்கள் பக்கத்தில் ஓர் ஆணின் கைக்கு நல்ல வாட்ச் மாமனார் வீட்டிலிருந்துதான் வரும். மோதிரம், செயினோடு சேர்த்துக் கல்யாணத்தில் போடுவார்கள். முகூர்த்த மாதங்களில் சேலத்து வாட்ச் கடையில் அரை மணி நேரம் நின்றால் போதும். பெண்ணின் அப்பா பணம் கட்டுவார், மாமன்காரர் டிசைன் சொல்லுவார், மாப்பிள்ளைப் பையன் கூச்சத்தோடு மணிக்கட்டை நீட்டுவான். பெற்ற அப்பா வாங்கித் தந்த வாட்ச் என்று ஒன்று இருந்தால் அது பத்தாவது பாஸ் ஆனதற்குக் கிடைத்த எச்எம்டியாக இருக்கும். அதையும் கல்யாணத்துக்குப் பிறகு தம்பிக்குக் கழற்றிக் கொடுத்துவிடுவோம்.

சேலத்திலும் நாமக்கல்லிலும் கடைகளுக்கு விளம்பர வாசகம் எழுதிக் கொடுப்பது என் தொழில். ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் ஏதாவது ஒரு வாட்ச் கடையோ ஆண்களுக்கான ஷேவிங், வாசனைப் பொருள் விற்கும் கடையோ 'அப்பா தினத்துக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க' என்று கேட்கும். ஜூன் மூன்றாம் ஞாயிறு வியாபாரத்துக்கு அருமையான நேரத்தில் வருகிறது. பள்ளிச் செலவு முடிந்திருக்கும், ஆடித் தள்ளுபடி தொடங்கியிருக்காது. ஆனால் எழுத உட்கார்ந்தால் வழக்கமான அப்பாதான் காகிதத்தில் வந்து நிற்பார். அவரைத் தவிர்ப்பது எப்படி என்று பல வருடம் யோசித்ததில், இரண்டு வெளிநாட்டு விளம்பரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. ஒன்று வாட்ச், இன்னொன்று ரேசர்.

முதலாவது, ஜெனிவாவின் படேக் பிலிப் 1996இல் தொடங்கிய விளம்பர வரிசை. லண்டனைச் சேர்ந்த லீகஸ் டெலேனி என்ற விளம்பர நிறுவனம் உருவாக்கியது. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஓர் அப்பாவும் மகனும் ஏதோ சாதாரண வேலையில் இருப்பார்கள். வாட்ச் தனியாகக் கீழே இருக்கும். இந்த வாட்ச் உங்களுக்குச் சொந்தமில்லை, அடுத்த தலைமுறைக்காக நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான் என்பது வாசகத்தின் சாரம். பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கப் போகிறவரிடம் 'இது உன்னுடையது இல்லை' என்று சொல்லுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

இரண்டாவது, ஜில்லெட் 2017இல் வெளியிட்ட ஒரு குறும்படமும் அதனோடு அறிமுகமான ட்ரியோ என்ற ரேசரும். பக்கவாதம் வந்த ஒரு முதியவரை அவருடைய மகன் பார்த்துக்கொள்கிறார். குளிப்பாட்டுகிறார், சட்டை மாட்டிவிடுகிறார், முகம் மழித்துவிடுகிறார். தன் முகத்தைத் தானே மழிக்க நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ரேசர்கள் வடிவமைக்கப்பட்டுவிட்டன, இன்னொருவரை மழித்துவிட ஒன்றுகூட இல்லை என்று அந்த நிறுவனமே அப்போது சொன்னது. ட்ரியோ அந்த இடத்துக்காகச் செய்யப்பட்டது. கைப்பிடிக்குள்ளேயே ஜெல் இருக்கும். தண்ணீர்க் கிண்ணமும் நுரையும் இல்லாமல் கட்டிலிலேயே வேலையை முடிக்கலாம்.

இரண்டும் அப்பாவையும் பிள்ளையையும் பற்றியவை. ஆனால் பொருள் போகும் திசை நேர் எதிர். வாட்ச் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு இறங்கி வருகிறது. ரேசர் பிள்ளையின் கையிலிருந்து அப்பாவின் முகத்துக்கு ஏறிப் போகிறது.

அப்பா தினத்தில் கடைக்கு வருகிறவர் பிள்ளைதான். கொடுப்பவரும் பிள்ளை, பெறுபவர் அப்பா. அப்படியிருக்க வாட்ச் கடைகள் எல்லாம் படேக்கின் திசையைக் கடன் வாங்குகின்றன. பேனரில் அப்பா உயரத்தில் நிற்பார், பிள்ளை அண்ணாந்து பார்க்கும், 'எனக்கு நேரம் கொடுத்தவருக்கு' என்று ஒரு வரி இருக்கும். தலைமுறை தலைமுறையாக வாட்ச் கைமாறும் குடும்பத்துக்கு அந்தத் திசை பொருந்தும். மாப்பிள்ளைக்கு மாமனார் வாட்ச் போடும் ஊரில் அதற்கு வேர் இல்லை. வேறிடத்து உறவுமுறையை நம் பேனரில் ஒட்டுகிறோம். அதனால்தான் அந்த அப்பா யாருடைய அப்பாவாகவும் இல்லாமல் போகிறார்.

தேய்ந்துபோன அப்பா என்று யாரைச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மேற்கில் அவர் ஒரு கையாலாகாதவர். குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது, டயப்பர் மாட்டத் தெரியாது. பிரிட்டனில் பாலினம் குறித்த தீங்கான வார்ப்புகளை விளம்பரத்தில் தடுக்கும் விதி 2019 ஜூன் 14இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த விதியின் கீழ் முதலில் நிறுத்தப்பட்ட இரண்டு விளம்பரங்களில் ஒன்று பிலடெல்பியா சீஸ் விளம்பரம். சாப்பாட்டில் கவனம் போன இரண்டு அப்பாக்கள், தட்டுகள் சுற்றிவரும் உணவக பெல்ட்டில் தங்கள் குழந்தைகளை விட்டுவிடுவார்கள். வேடிக்கைக்காக எடுத்தார்கள். ஆனால் பிள்ளை வளர்ப்பது ஆணுக்கு வராது என்பதை அது உறுதி செய்கிறது என்று கட்டுப்பாட்டு அமைப்பு முடிவு செய்தது. இந்தியாவில் விளம்பரத் தர நிர்ணய மன்றமும் 2022 ஜூனில் பாலின வார்ப்புகள் குறித்து வழிகாட்டுதல் வெளியிட்டது.

நம்முடைய வார்ப்பு வேறு. தமிழ் விளம்பரத்தில் அப்பா கையாலாகாதவராக வருவதில்லை. தேய்ந்த செருப்பு, கிழிந்த பனியன், பிள்ளைக்குப் புதுச் சட்டை. வாய் திறக்க மாட்டார், பாசத்தைக் காட்ட மாட்டார், கடைசியில் கண் மட்டும் கலங்கும். தியாகி அப்பா. மதிப்போடு வரைகிற படம் என்பதால் இதை யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். எனக்கு இது பிலடெல்பியா விளம்பரத்தைவிட அதிகம் உறுத்துகிறது. தனக்கென எதுவும் வேண்டாதவராக ஒருவரை வரைந்துவிட்டு, அவருக்கு ஒரு பொருள் வாங்கச் சொல்லி எப்படிக் கேட்பது? அவருக்கு எது பிடிக்கும், அவர் கை எப்படிப்பட்டது, தோல் எப்படிப்பட்டது, வாட்ச்சை எந்த வேலையில் கட்டுகிறார் என்ற எந்தக் கேள்வியும் அந்தப் படத்தில் எழுவதில்லை.

படேக்கும் ஜில்லெட்டும் இந்த இடத்தில்தான் எனக்குப் பாடம் சொன்னவை. இரண்டுமே அப்பாவின் குணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கண்டிப்பானவர், பாசமானவர், தியாகி என்று எந்தப் பெயரும் வைக்கவில்லை. பொருளுக்கும் அவர்களுக்கும் நடுவே நடக்கும் ஒரு காரியத்தைக் காட்டின. காட்டியதற்குப் பின்னால் ஓர் உண்மையான ஏற்பாடும் இருந்தது. 1839 முதல் தான் செய்த எந்தக் கடிகாரத்தையும் பழுது பார்த்துத் தருவதாகப் படேக் சொல்கிறது. அந்தப் பழுதுபார்ப்பு மேசை இல்லையென்றால் அடுத்த தலைமுறைக்காக என்ற வாசகம் வெறும் அழகு வார்த்தை. அடுத்த தலைமுறைக்குப் போகும்போது வாட்ச் ஓட வேண்டுமே. ஜில்லெட்டும் கண்ணீர்ப் படத்தோடு நின்றிருந்தால் அதை மறந்திருப்பேன். ரேசரைச் செய்தார்கள்.

சேலத்துக் கடைக்காரரிடம் படேக்கின் பணம் இல்லை, ஜில்லெட்டின் ஆய்வுக்கூடம் இல்லை. ஆனால் பழுதுபார்ப்பு மேசை இருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால், கண்ணில் லூப் மாட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கின் இரண்டடி மேசை. அப்பா தின விளம்பரத்தில் அந்த மேசையை யாரும் படம் எடுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை.

அந்த மேசைக்கு என்னென்ன வரும் என்று பார்ப்போம். பெங்களூரில் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1961இல் தொடங்கிய எச்எம்டியின் சாவி கொடுக்கும் வாட்ச்கள் இன்னும் பீரோக்களில் இருக்கின்றன. எச்எம்டி வாட்ச் கம்பெனியை 2016இல் மூடிவிட்டார்கள். டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நம் ஓசூரிலேயே தொழிற்சாலை வைத்தது. அதன் பிறகு மாப்பிள்ளை வாட்ச் என்றால் பெரும்பாலும் செல் போடுகிற குவார்ட்ஸ்தான். ஆக, ஐம்பது அறுபது வயது அப்பாவின் பீரோவில் ஓடாத வாட்ச் ஒன்றாவது இருக்கும். அவர் அதைத் தூக்கிப் போடவும் இல்லை, கடைக்குக் கொண்டுபோகவும் இல்லை.

குவார்ட்ஸ் வாட்ச்சில் செல் தீரப்போவதற்கு முன் பல மாடல்களில் விநாடி முள் ஒவ்வொன்றாக நகராமல் இரண்டு அல்லது நான்கு விநாடிக்கு ஒருமுறை தாவும். அது பழுது இல்லை, அறிவிப்பு. கவனிக்காமல் விட்டால் செல் செத்து, உள்ளே கிடந்து கசியும். பின்மூடியைத் திறந்தால் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். முனையில் மட்டும் என்றால் துடைத்துக் காப்பாற்றலாம். சர்க்யூட்டில் ஏறிவிட்டால் மூவ்மென்ட்டையே மாற்ற வேண்டும். அதனால் வருடக்கணக்கில் நின்றுபோன வாட்ச்சை 'செல் மாத்தினா ஓடிடும்' என்று திறக்காமலே சொல்லக் கூடாது. பின்மூடியைத் திறந்து மூடும்போது சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் பழசாகி நசுங்கியிருந்தால் தண்ணீர் தாங்கும் சக்தி போய்விடும். முகம் கழுவும்போது கண்ணாடிக்குள் பனி படர்ந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

சாவி வாட்ச்சின் கதை வேறு. ஒரு நாளைக்கு ஐந்து பத்து நிமிடம் திடீரென்று வேகமாக ஓட ஆரம்பித்தால் முதலில் காந்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மயிரிழைச் சுருள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் அப்படி ஓடும். லாரி ஓட்டுகிறவர்கள் வாட்ச்சைக் கழற்றி ஸ்பீக்கர் பெட்டி மேல் வைப்பார்கள். மெக்கானிக்கிடம் காந்தம் இறக்கும் சின்னப் பெட்டி இருந்தால் சில விநாடி வேலை. எண்ணெய் காய்ந்து நின்றிருந்தால் பிரித்துக் கழுவி மறுபடி எண்ணெய் விட வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். உடைந்த உதிரிப் பாகம் கிடைக்கவில்லை என்றால் இன்னொரு பழைய வாட்ச்சிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் பிள்ளைகள் ஒரு தவறு செய்வார்கள். 'அப்பாவுக்குத் தெரியாம கொண்டு வந்திருக்கேன், புதுசு மாதிரி பண்ணிக் கொடுங்க' என்பார்கள். டயலைப் பெயின்ட் அடித்து மாற்றச் சொல்வார்கள். நல்ல மெக்கானிக் ஒத்துக்கொள்ள மாட்டார். மங்கிய டயல் அந்த மனிதர் முப்பது வருடம் பார்த்த டயல். எச்எம்டி ஜனதா மாதிரியான வாட்ச்சில் இருப்பது பிளாஸ்டிக் கண்ணாடி. கீறலை மெருகேற்றியே போக்கலாம். ஆனால் அதையும் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. ஒரு கீறல் எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆகப் படேக்கின் விளம்பரத்தை இந்த ஊருக்கு மாற்றினால் 'உங்கள் பேரனுக்கு இதைக் கொடுங்கள்' என்று வராது. 'அப்பாவின் பீரோவில் நின்றுபோன வாட்ச்சைக் கொண்டு வாருங்கள்' என்று வரும். மாமனார் போட்டதாக இருந்தாலும் சரி. அப்படித்தான் இருக்கும்.

ரேசருக்கு வருகிறேன். இதை எழுத எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. நாமக்கல் பக்கம் லாரி ஓட்டிய என் அப்பா கடைசி இரண்டு வருடம் பக்கவாதத்தில் படுத்திருந்தார். அதற்கு முன் அவர் முகத்தை நான் தொட்டதாக நினைவே இல்லை. முதல் ஆறு மாதம் சலூன்காரர் வீட்டுக்கு வந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாணத்தில் மங்கல வாழ்த்து பாடும் குடும்பத்தைச் சேர்ந்தவர், அப்பாவைவிட மூத்தவர். அவருக்கும் முடியாமல் போன பிறகு நான் செய்தேன்.

முதல் நாளே இரண்டு இடத்தில் கீறிவிட்டேன். ஏன் என்று பிறகுதான் புரிந்தது. நம் முகத்தை நாம் மழிக்கும்போது கண்ணைவிடத் தோல்தான் வழி சொல்கிறது. பிளேடு அழுந்தினால் தோல் சொல்லும், கை தானாகவே இலகும். இன்னொருவர் முகத்தில் அந்தச் செய்தி வராது. பக்கவாதம் வந்த பக்கத்தில் அவருக்கே உணர்ச்சி குறைவு. வெட்டினால் முகம் சுளிக்கவும் மாட்டார். அந்தப் பக்கக் கன்னம் தொங்கும், மடிப்புக்குள் முடி ஒளிந்துகொள்ளும். ஆரோக்கியமான ஆள் நாக்கால் கன்னத்தை உள்ளிருந்து உப்பிக் கொடுப்பார். இவரால் முடியாது.

பிறகு பழகிக்கொண்டது இதுதான். தலையணை வைத்து முதுகை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். மல்லாக்கப் படுத்திருந்தால் தண்ணீரும் நுரையும் வாய்க்குள் போகும், விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அது ஆபத்து. வெந்நீரில் பிழிந்த துண்டை இரண்டு நிமிடம் முகத்தில் வைத்தால் முடி இளகும். இடது கையின் இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடித்து, முடி வளரும் திசையிலேயே சின்னச் சின்னதாக இழுக்க வேண்டும். எதிர்த் திசையில் ஒரு முறைகூட வேண்டாம். வழவழப்பாக வர வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். பக்கவாதம் வந்தவர்கள் பலருக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருப்பார்கள். சின்னக் கீறலில்கூட ரத்தம் நிற்க நேரமாகும். அப்படிப்பட்டவர்களுக்கு பிளேடைவிட எலக்ட்ரிக் ஷேவரோ ட்ரிம்மரோ பாதுகாப்பு. இதை எனக்கு ஷேவிங் சாமான் விற்ற எந்தக் கடையும் சொல்லவில்லை. ஒரு நர்ஸ் சொன்னார்.

நம் வழக்கத்தில் அப்பாவுக்காகப் பிள்ளை செய்யும் சவரம் என்றால் அவர் போன பிறகு தன் தலையை மழித்துக்கொள்வதுதான். அதற்குச் சடங்கு இருக்கிறது, நாள் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. அவர் உயிரோடு இருக்கும்போது அவர் கன்னத்தை மழித்துவிடுவதற்கு எந்தச் சடங்கும் இல்லை. ஜில்லெட்டின் படம் என்னைத் தொட்டதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

அதே நிறுவனத்தின் இன்னொரு விளம்பரம் இந்த ஒப்பீட்டுக்குள் ஓரமாக வர வேண்டும், இந்தியாவில் எடுத்தது என்பதால். உத்தரப் பிரதேசத்தின் பன்வாரி டோலா கிராமத்தில் அப்பா நோயில் விழ, ஜோதி, நேஹா என்ற அவருடைய இரண்டு மகள்கள் 2014இல் சலூனை ஏற்று நடத்தினார்கள். தொடக்கத்தில் பையன்கள் போல முடி வெட்டி, உடை உடுத்தி வேலை செய்தார்கள். 2019இல் ஜில்லெட் இந்தியா அந்தக் கதையைப் படமாக எடுத்தது. மே மாதம் சச்சின் டெண்டுல்கர் அந்தப் பெண்களிடம் ஷேவ் செய்துகொண்டார். படத்தில் ஒரு சின்னப் பையன் தன் அப்பாவோடு அந்தக் கடைக்கு வருகிறான். பெண் பிள்ளை கத்தி எடுப்பதைப் பார்த்து விழிக்கிறான். பிடித்திருப்பது ஆணா பெண்ணா என்பது கத்திக்குத் தெரியாது என்ற பொருளில் அப்பா பதில் சொல்லிவிட்டு முகத்தைக் கொடுக்கிறார். அந்த அப்பாவும் எந்தக் குணச்சித்திரமும் இல்லாதவர். முகத்தைக் கொடுத்தது ஒன்றுதான் அவர் செய்தது, அதிலேயே அவர் யார் என்று தெரிந்துவிடுகிறது. அப்பா தினத்துக்குக் கடைக்கு வருவது மகள்களும்தான் என்பதை மறந்து 'மகன்களே' என்று எழுதும் எல்லோருக்கும் இந்தப் படத்தைக் காட்டலாம்.

இனி இரண்டையும் இந்த மண்ணில் இறக்கிப் பார்க்கிறேன். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு நடுத்தரக் கடை என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் வாட்ச், ஓரத்தில் ட்ரிம்மரும் ஷேவிங் சாமானும். ஒரு மெக்கானிக், இரண்டு விற்பனைப் பெண்கள்.

முதலில் நாள். 2026இல் அப்பா தினம் ஜூன் 21. அந்த ஞாயிறன்று நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களில் பாதிப் பேர் எங்கோ வடக்கே ரோட்டில் இருப்பார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு போனவர்கள் வெளிமாநிலத்தில் போர் போட்டுக்கொண்டிருப்பார்கள், மாதக்கணக்கில் வீடு திரும்ப மாட்டார்கள். 'ஒரு நாள் மட்டும்' என்று அறிவித்தால் இந்த மண்ணின் பெரும்பகுதி அப்பாக்கள் அன்றைக்கே வெளியே நிறுத்தப்பட்டுவிடுகிறார்கள். அதனால் பிள்ளை ஜூனில் பணம் கட்டலாம். அளவு பார்த்துச் செயின் லிங்க் கழற்றுவது, பட்டை பொருத்துவது எல்லாம் அப்பா நேரில் வரும்போது, தீபாவளி வரை எந்த நாளிலும். இதைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மணிக்கட்டு அளவு இல்லாமல் வாங்கிப் போகும் செயின் வாட்ச் பெரும்பாலும் தொளதொளவென்று தொங்கும், இரண்டு நாளில் கழற்றி வைத்துவிடுவார். இந்த ஏற்பாடு அதையும் தீர்க்கிறது.

அடுத்து, கேட்க வேண்டிய கேள்வி. 'என்ன பட்ஜெட்?' என்பதற்கு முன் 'அப்பா என்ன வேலை பார்க்கிறாங்க, எந்தக் கையில கட்டுவாங்க?' என்று விற்பனைப் பெண் கேட்டால் போதும், பாதி வேலை முடிந்தது. ரிக்கில் நிற்பவருக்கு அதிர்வு அதிகம், சாவி வாட்ச் சரிப்படாது. குவார்ட்ஸும், சேறு பட்டால் கழுவக்கூடிய ரப்பர் பட்டையும் வேண்டும். இரவில் ஓட்டுகிறவருக்கு முள்ளில் ஒளிரும் பூச்சு இருக்க வேண்டும். தோல் பட்டை நம் வெயிலில் வியர்வை ஊறி நாறும், ஒரு கோடைக்கு மேல் தாங்காது. கை நடுக்கம் இருப்பவர் கொக்கி போட முடியாமல் யாரிடமும் சொல்லாமல் வாட்ச் கட்டுவதையே விட்டுவிடுவார். அவருக்கு இழுத்தால் விரியும் செயினும் பெரிய எண்ணும் போதும். இப்படிக் கேட்டுப் பொருத்திக் கொடுக்கும்போது தியாகி அப்பாவுக்கு இடமே இல்லாமல் போகிறது. விளம்பரத்தில் அவரைத் திட்டித் தீர்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

பழைய வாட்ச் திட்டத்தில் கணக்கு முக்கியம். செல், ரப்பர் வளையம், சுத்தம் மூன்றும் இலவசம் என்று வைத்து, அடக்கம் ஒன்றுக்கு ஐம்பது ரூபாய் என்றால் நூற்றைம்பது வாட்ச்சுக்கு 7,500 ரூபாய். பணம் பெரிய சிக்கல் இல்லை. மெக்கானிக்கின் கைதான் சிக்கல். ஒரு நாளைக்குப் பதினைந்துக்கு மேல் அவரால் ஒழுங்காகத் திறந்து மூட முடியாது. எல்லோரும் சனிக்கிழமை வந்து நின்றால் அவசரத்தில் பின்மூடி சரியாக உட்காராது, காற்றில் தூசி உள்ளே போகும். பிறகு 'நல்லா ஓடிட்டிருந்த வாட்ச்சக் கெடுத்துட்டாங்க' என்ற பேச்சுதான் மிஞ்சும். ஆகையால் ஜூன் முதல் தேதியிலிருந்தே டோக்கன், நாளுக்குப் பதினைந்து. வாங்கும்போதே முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, ஓடுகிறதா நின்றிருக்கிறதா என்று கவரின் மேல் எழுதி, கொடுத்தவர் கண் முன்னே ஒட்ட வேண்டும். மூவ்மென்ட் மாற்றுவதும் சாவி வாட்ச் சர்வீஸும் இலவசத்தில் வராது என்பதைப் பேனரிலேயே, அதே அளவு எழுத்தில் போட வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த வழிகாட்டுதல்கள், இலவசம் என்று சொல்லி நிபந்தனையை மறைப்பதை அனுமதிப்பதில்லை. சட்டத்தை விடுங்கள், கடைவாசலில் நின்று சண்டை போடும் வாடிக்கையாளர் எதிரில் இருக்கும் இரண்டு கடைக்கும் கேட்கப் பேசுவார்.

ஷேவிங் பக்கத்தில் நான் செய்யச் சொல்வது ஒன்றே ஒன்று. ட்ரிம்மர் அடுக்கின் பக்கத்தில் 'அப்பாவுக்கு நீங்கள் ஷேவ் செய்துவிடுகிறீர்களா?' என்று ஓர் அட்டை. அதன் கீழே மேலே சொன்ன முறை, ஐந்தாறு வரியில், பெரிய எழுத்தில். ரத்தம் உறையாத மாத்திரை பற்றிய எச்சரிக்கை முதல் வரியாக. கட்டிலில் சுலபமாகப் பிடிக்கக்கூடிய, சின்னத் தலை கொண்ட, சத்தம் குறைந்த ட்ரிம்மர் ஒன்றோ இரண்டோ தனியாகப் பிரித்து வைத்தால் போதும். அந்த அட்டையைப் பார்த்து நின்று வாசிக்கிறவர் யார் என்று கடைப்பெண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். அவரிடம் சலுகை பற்றிப் பேச ஆரம்பிக்கக் கூடாது.

கடைசியாக வாட்ஸ்அப். கடையின் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் 'உங்கள் அப்பாவுக்கு' என்று ஒரே செய்தி போகும். அந்தப் பட்டியலில் போன மாதம் அப்பாவை இழந்தவர் இருப்பார், அப்பா விட்டுவிட்டுப் போன வீட்டுப் பெண் இருப்பாள். பிரிட்டனில் புளூம் அண்டு வைல்டு என்ற பூக்கடை நிறுவனம் 2019இல் அன்னையர் தினச் செய்தி வேண்டாதவர்கள் சொல்லிவிடலாம் என்று முன்கூட்டியே கேட்டது. நாமும் மே கடைசியில் ஒரு வரி அனுப்பலாம்: 'அப்பா தினச் செய்திகள் வேண்டாம் என்றால் 0 என்று பதில் அனுப்புங்கள்.' காரணம் கேட்கக் கூடாது. சோகமான பொம்மை எதுவும் பதிலாகப் போகக் கூடாது. இந்த நாளைத் தொடங்கியவரே, மனைவி இறந்த பிறகு ஆறு பிள்ளைகளைத் தனியாக வளர்த்த ஒருவரின் மகள்தான். அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் 1910 ஜூன் 19இல் சொனோரா ஸ்மார்ட் டாட் முதல் அப்பா தினத்தை நடத்தியபோது, ஒரே அச்சில் வார்த்த குடும்பம் அவர் கண் முன்னே இருந்திருக்காது.

போன வருடம் ஒரு கடையில் இந்தத் திட்டத்தின் ஒரு பகுதியைச் செய்துபார்த்தோம், பழைய வாட்ச் மட்டும். வேலை முடிந்தும் வாங்காமல் இருந்த கவர்களை ஆகஸ்டில் எடுத்து அடுக்கினேன். ஒரு கவரில் பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில், 'எங்க அப்பா வண்டி இப்ப நாக்பூர்ல இருக்கு, வந்ததும் அவரே வந்து வாங்கிக்குவார், பட்டை அளவு அவர் கைல பார்த்துப் போடுங்க' என்று எழுதியிருந்தது. மெக்கானிக் அந்த வாட்ச்சை மட்டும் வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, சாவி கொடுத்து, மறுபடி கவருக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.